பிடித்து வைத்த விலை

கொட்டாஞ்சேனையில், துறைமுக வாசலில், கப்பல்காரர்களுக்குச் சோற்றுப் பொதி விற்றுத் தொடங்கியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. சோற்றுக்கு அவர்கள் நீட்டிய வெளிநாட்டுத் தாள்களை எங்கே மாற்றினால் நல்ல விலை வரும் என்று புறக்கோட்டை முழுக்க நடந்து கேட்டே தொழிலைப் படித்தேன். முதல் கடையைக் கலவரத்தில் எரித்தார்கள். வெள்ளவத்தையில் இரண்டாவது கடையைப் போட்டேன். அனுமதிப் பத்திரம் எடுத்தேன். மூன்று தங்கச்சிமாரைக் கட்டிக் கொடுத்தேன். காலி வீதியில் பட்டதாரிகள் நடத்திய இரண்டு நாணயமாற்றுக் கடைகள் பூட்டப்பட்டன. என்னுடையது பூட்டவில்லை.

பூட்டாததற்குக் காரணம் என் கலண்டர். லண்டனில் வட்டி வீதம் அறிவிக்கும் வியாழக்கிழமைகளுக்குச் சிவப்பு வட்டம். அமெரிக்காவில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று சொல்லும் வெள்ளிக்கிழமைகளுக்கு நீல வட்டம். எங்கள் ரூபா அந்தக் காலத்தில் டொலரின் வாலைப் பிடித்துக்கொண்டு நடந்தது. நாளுக்கு நாள் பெரிதாக அசையாது. ஆனால் இங்கிலாந்துப் பவுண் டொலருக்கு எதிராக ஏறி இறங்கும். அங்கே அது துள்ளினால் வெள்ளவத்தையில் என் விலைப்பலகையும் துள்ளவேண்டும். வட்டம் போட்ட நாளில் அறிவிப்பு வரும் அந்த ஒரு நிமிடத்தில் நடப்பது மற்ற நாட்களில் ஒரு கிழமைக்கும் நடக்காது.

என் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் பலகையில் உள்ள விலை பிடித்திருந்தால், தாள் கையில் இல்லாவிட்டாலும், "பிடிச்சு வையுங்கோ" என்று சொன்னால் போதும். மாலை ஆறு மணிவரை அதே விலை அவர்களுக்கு. விலை ஏறினாலும் அவர்கள் அதற்கே விற்கவேண்டும். எழுத்து இல்லை, கையொப்பம் இல்லை. வாய்ச்சொல்தான்.

இந்தக் கதை நடந்த மாதத்துக்கு முந்திய மாதம் லண்டனில் வட்டியைக் குறைத்தார்கள். குறைத்தால் பவுண் விழும் என்று எல்லோரும் முன்னமே விற்றிருந்தார்கள். எதிர்பார்த்த அளவே குறைத்ததும், விற்றவர்கள் திருப்பி வாங்க, பவுண் இரண்டு ரூபா ஏறியது. அதை நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். ஒரு மாதம் முழுக்க வந்தவர் போனவருக்கெல்லாம் அதையே சொன்னேன். "முதலாளி லண்டன் ராணிக்கு வகுப்பெடுக்கிறார்" என்று பக்கத்து லொட்ஜ்காரர் நக்கலடிப்பார். எனக்கு அது பிடித்திருந்தது.

கேட்டவர்களில் ஒருவர் அந்த லொட்ஜில் தங்கியிருந்த ஒரு மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அதிபராக இருந்து இளைப்பாறியவர். மனைவிக்கு இருதய வால்வு பழுது. சத்திரசிகிச்சைக்கென்று கொழும்புக்குக் கொண்டுவந்திருந்தார். லண்டனில் இருந்த மகள், வந்த ஒருவரிடம் பவுண் தாள்களாகக் கொடுத்தனுப்பியிருந்தாள். வெள்ளிக்கிழமைப் பட்டியலில் மனைவிக்கு இடம். வியாழன் மாலை ஏழு மணிக்குள் முழுப் பணமும் ரூபாவாக வைத்தியசாலையில் கட்டவேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

அந்த வியாழன் சிவப்பு வட்டம். பத்து மணிக்கு மாஸ்டர் வந்து பலகையைப் பார்த்தார். ஒரு கடதாசியில் பெருக்கினார்.

"தம்பி, இண்டைய விலைக்குக் கொஞ்சம் காணாது. பவுணுக்கு இன்னும் ரெண்டு ரூபா வந்தால் ஆரிட்டையும் கடன் கேக்காமல் கட்டலாம்."

"பிடிச்சு வைக்கச் சொல்லுங்கோ மாஸ்டர். இண்டைக்கு அறிவிப்பு."

"நீங்கள்தானே சொன்னனீங்கள், குறைச்சாலும் ஏறுமெண்டு? போன மாதம் ரெண்டு ரூபா ஏறினதுதானே?"

லொட்ஜ்காரர் அங்கேதான் நின்றார். "எனக்குப் பிடிச்சு வையுங்கோ முதலாளி. நான் உங்கட வகுப்பில ஃபெயில்" என்றார். அவரோடு இன்னும் இரண்டு பேர் அன்று பிடித்து வைத்தார்கள்.

மாஸ்டரிடம் நான் மறுபடி சொல்லியிருக்கவேண்டும். போன மாதம் வந்தது எல்லோரும் எதிர்பார்த்த குறைப்பு; பவுணை ஆட்டுவது குறைப்பு அல்ல, எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் இடையில் உள்ள தூரம் என்று. அது எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்னதை ஒரு அதிபர் எனக்கே திருப்பிச் சொல்லும்போது, "அது எப்பவும் சரிவராது மாஸ்டர்" என்று சொல்ல வாய் வரவில்லை. "உங்கட விருப்பம்" என்றேன்.

குளிர்காலத்தில் லண்டனில் பகல் பன்னிரண்டு, இங்கே மாலை ஐந்தரை. ஐந்து மணிக்கே மாஸ்டர் வந்து கடை வாங்கில் உட்கார்ந்தார். பவுண் தாள்கள் ஒரு மருந்துக்கடைப் பையில். யுத்த காலம்; வீதியில் சோதனை, அடையாள அட்டை. ஓட்டோ போக ஒரு மணித்தியாலம் வேண்டும். ஐந்தே முக்காலுக்கு விற்றுவிட்டு ஏறுவது என்று கணக்கு.

ஐந்தரைக்குத் தொலைக்காட்சியின் அடியில் எழுத்து ஓடியது. குறைத்திருந்தார்கள். எல்லோரும் எதிர்பார்த்ததைப் போல மூன்று மடங்கு. பவுணின் கோடு நேரே கீழே விழுந்தது.

என்னிடம் தாள்களை வாங்கும் புறக்கோட்டை ஹாஜியாருக்குத் தொலைபேசி எடுத்தேன். இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை எடுத்தார்.

"மொதலாளி, இப்ப ரேட் கேக்க வாணாம். எனக்கே ரேட் இல்ல. அரை மணி கழிச்சு எடுங்க."

"அரை மணி இல்லை ஹாஜியார். ஒரு ஆள் ஆஸ்பத்திரிக்கு ஓட நிக்கிறார்."

"அப்ப நாலு ரூவா கொறச்சு எடுக்கேன். வேணுமெண்டா தாங்க."

அந்த நேரம் அப்படித்தான். எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாததால் வாங்குகிறவன் தன்னைக் காப்பாற்ற இன்னும் கீழே கேட்பான். பிறகு கொஞ்சம் திரும்பி ஏறும். அன்றும் ஆறரைக்கு ஒன்றரை ரூபா ஏறியது. ஆனால் ஏழு மணி நகராது.

லொட்ஜ்காரரும் மற்ற இருவரும் வந்து காலை விலைக்கே பவுணை விற்றுக் காசை வாங்கிக்கொண்டு போனார்கள். நட்டம் என்னுடையது. அவர்கள் போனபின் மாஸ்டர் பக்கம் திரும்பினேன். கடையில் வேறு யாரும் இல்லை.

"மாஸ்டர், நீங்களும் காலமை பிடிச்சு வையுங்கோ எண்டு சொன்னனீங்கள்தானே?"

அவர் என்னைப் பார்த்தார். விளங்கியது என்று கண்ணில் தெரிந்தது.

"இல்லைத் தம்பி. நான் சொல்லேல்லை."

"சொன்னனீங்கள் மாஸ்டர். எனக்குக் கேட்டது."

"நாப்பது வருசம் பிள்ளையளுக்குப் பொய் சொல்லக்கூடாது எண்டு படிப்பிச்சனான். மாத்தித் தாங்கோ, நேரம் போகுது."

ஹாஜியாரின் விலைக்கே மாற்றிக் கொடுத்தேன், என் இலாபத்தை எடுக்காமல். ஓட்டோவில் ஏறிப் போனார். வைத்தியசாலையில் காசு குறைகிறது என்று இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். அடுத்த இடத்துக்கு மூன்று கிழமை சொன்னார்கள். அந்த அம்மா இரண்டாவது கிழமை லொட்ஜ் அறையிலேயே போய்விட்டார். யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்ததால் ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. பொரளைக் கனத்தை மயானத்தில் எரித்தோம். வாகனத்தை நான்தான் பிடித்தேன். மாஸ்டர் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. அதன் பிறகு கடைப் பக்கம் வரவும் இல்லை.

ஊர் சொன்னது. அறிவிப்பு நாளில் கிழவனை ஏமாற்றிப் பவுணை மலிவாக வாங்கியவன் என்று இன்றைக்கும் லண்டனில், கனடாவில், கலியாண வீடுகளில் கதைக்கிறார்கள். மகளும் அதையே நம்புகிறாளாம்.

காலையில் குறைந்த காசை நானே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டிருக்கலாம். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை. தோன்றாதது என் பிழை, அதை என் பெயரிலேயே எழுதுங்கள். அன்றோடு வட்டம் போட்ட நாட்களில் விலை பிடித்து வைப்பதை நிறுத்தினேன். அறிவிப்புக்கு அரை மணி முன்னும் பின்னும் பலகையைத் திருப்பி வைத்தேன். காலி வீதி முழுக்க அதைப் பார்த்துப் பழகியது. யார் தொடங்கியது என்று யாரும் கேட்டதில்லை. அதற்குப் பேர் வராவிட்டாலும் பரவாயில்லை.

ஆனால் அவர் காலையில் விலை பிடித்து வைத்தார் என்ற பொய்யை நான் சொல்ல ஆயத்தமாக இருந்தேன். என் காசில், என் வாயால், இரண்டு தரம் சொன்னேன். மாஸ்டர் அன்று எதையோ மறுத்தார் என்று மட்டும் கேள்விப்பட்டு அதை அவருடைய நேர்மை என்று புகழுகிறவர்கள், எதை மறுத்தார் என்றும் சொல்லட்டும். மகளுக்கும் சொல்லட்டும். அந்தப் பேர் எனக்கு உரியது, தாருங்கள்.