சமக்குறிக்காரர்

அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் தேர்வு வாரியத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'சமக்குறி' என்றால் எல்லோருக்கும் தெரியும். 'இதற்கு மிகாமல்' என்ற பேச்சே அவருக்கு ஆகாது. எதையும் இன்னொன்றோடு சமம் என்று சொல்லி முடித்தால்தான் சோறு இறங்கும். வடிவியல் பாடத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார். தின்றாரோ இல்லையோ, கொட்டை மட்டும் போட்டார் என்பது அவருடைய மனைவியின் தங்கை கணிப்பு. அவளும் கணக்கு ஆசிரியை. அதே வினாத்தாள் குழுவில் விடைகளைச் சரிபார்ப்பவள். வீட்டில் 'அத்தான்', வாரியத்தில் 'சார்'. இரண்டையும் ஒரே கசப்போடுதான் சொல்வாள்.

அவர் குழுவுக்குத் தலைவரானது கணக்கால் அல்ல, கழுத்தால். மேலதிகாரி வாயைத் திறக்குமுன்பே அது ஆடத் தொடங்கிவிடும்.

அந்த வருஷம் அவர் கொண்டுவந்த கேள்வி இது: ABCD ஒரு குவிநாற்கரம். AB, AD இரண்டும் 13. CB, CD இரண்டும் 15. மூலைவிட்டம் BD 24. இன்னொரு மூலைவிட்டம் AC எவ்வளவு? பக்கத்தில் விடை: 16.25.

"இது எப்படி சார் வந்துச்சு?" என்றாள் அவள்.

"தாலமி தேற்றம்மா. எதிரெதிர்ப் பக்கங்களைப் பெருக்கிக் கூட்டினா 390. மூலைவிட்டம் ரெண்டையும் பெருக்கினாலும் அதே 390. 24ஆல வகுத்துடு. ஒரே வரி!"

"நாலு முனையும் ஒரே வட்டத்துல இருந்தாத்தான் சார் சமம். இல்லேன்னா மூலைவிட்டப் பெருக்கம் குறைஞ்சுதான் வரும்." தாளை இழுத்துப் பட்டம் மாதிரி ஒரு படம் போட்டாள். "BDல பாதி 12. ஒரு பக்கம் 13, 12, அப்ப 5. இன்னொரு பக்கம் 15, 12, அப்ப 9. AC 14. பதினாலை இருபத்துநாலால பெருக்கினா 336. உங்க 390 எங்கே, இது எங்கே?"

அறையில் இருந்த மற்ற மூவரும் ஆறிப்போன தேநீரை அக்கறையோடு கிண்டினார்கள். அவர்களும் பட்டம் பெற்றவர்கள்தான். பதின்மூன்று, பன்னிரண்டு, ஐந்து தெரியாதவர்கள் அல்ல. தெரிந்தும் வாயில் கொழுக்கட்டை.

சமக்குறி அசரவில்லை. பேனாவை எடுத்து நாற்கரத்துக்கு முன்னால் இருந்த 'குவி'யை அடித்துவிட்டு 'வட்ட' என்று எழுதினார். "இப்ப வட்ட நாற்கரம். ஆச்சா?"

குதிரை குப்புறத் தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்தது என்பார்களே, அது இதுதான். முன்பாவது கேள்வி சரி, விடைதான் தப்பு. இப்போது அப்படியொரு உருவமே உலகத்தில் இல்லை.

"சார், 13, 13, 24 ஒரு முக்கோணம். 15, 15, 24 இன்னொண்ணு. ரெண்டும் இறுகிப்போன முக்கோணம், அசைக்க முடியாது. ஒட்டினா 14தான் வரும். நீங்க 'வட்டம்'னு எழுதினதுக்காக அது வளைஞ்சு கொடுக்குமா? வட்டத்துல வேணும்னா 24ஐத் தூக்குங்க."

"எல்லாரும் சம்மதிச்சாச்சு. உனக்கு மட்டும் என்ன?"

அவள் கையெழுத்துப் போடவில்லை. தாள் அவளில்லாமலே அச்சுக்குப் போனது.

தேர்வு நடந்தது. யோசிக்காமல் சூத்திரத்தில் எண்ணைப் போட்ட பிள்ளைகளுக்கு 16.25 வந்தது. படம் போட்டவர்களுக்கு 14 வந்தது; வட்டம் போடப் போனால் புள்ளிகள் உட்காரவில்லை. தங்கள் மேல்தான் தப்பென்று அழித்தழித்துத் தாளைக் கிழித்தவர்கள் உண்டு. பெற்றோர் வாசலில் வந்து கத்தியதும் வாரியம் எல்லோருக்கும் மதிப்பெண் கொடுத்தது, தொடாமல் விட்டவனுக்கும் சேர்த்து.

அன்று அக்கா வீட்டில் சாப்பாடு. சமக்குறி பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். "பார்த்தியா? என்னாலதான் எல்லாப் பசங்களுக்கும் மார்க் வந்துச்சு. மேலிடத்துல என்னை ஆசிரியர் பயிற்சிக்குப் பொறுப்பாப் போட்டுட்டாங்க."

"என்ன பாடம் எடுக்கப்போறீங்க அத்தான்?"

"வடிவியல்தான்."

அவள் தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். இந்த ஆளிடம் கோபப்படுவதுகூட வீண் மரியாதை என்று தோன்றியது.

"அனுசரிச்சுப் போடி," என்றாள் அக்கா. "ஒரு கணக்குக்குப் போயா குடும்பத்துல இப்படி முறைச்சுக்குவாங்க?"

"கணக்குக்கு இல்லக்கா. முதல்ல தெரியாமத்தான் எழுதினார், அதை மன்னிக்கலாம். தெரிஞ்சப்புறமும் அச்சுல ஏத்தினாரே."

சமக்குறி அதைக் காதில் வாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

மறுவாரம் அவள் குழுவிலிருந்து விலகிக்கொண்டாள். பயிற்சிக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தபோது, வரமுடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். சமக்குறி ஓய்வுபெறும்வரை பயிற்சி நடத்தினார். அவரிடம் படித்துத் தேறிய ஆசிரியர்கள் இன்றைக்கும் எந்த நாற்கரத்தைப் பார்த்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சமம் என்கிறார்கள்.