அஞ்சரை மணிக்குப் படுத்துவிடும் வைஃபை

கீரனூரில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, எட்டுப் பெண்களை வைத்து ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளை டைப் செய்து கொடுக்கும் வேலை நடத்திக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒரு கம்பெனி காலையில் பக்கங்களை அனுப்பும். பிள்ளைகள் பகலெல்லாம் அடித்து, சாயங்காலம் ஸ்கேன் படங்களோடு சேர்த்துத் திரும்ப ஏற்ற வேண்டும். ஆறரைக்குள் ஏறிவிட வேண்டும். ஆறரைக்கு அவர்கள் பக்கம் கதவை அடைத்துவிடுவார்கள். ஏழு மணிக்கு அன்னவாசல் பஸ். எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு அந்த பஸ்தான்.

ஒரு வாரமாக, சரியாக அஞ்சரை மணிக்கு வைஃபை படுத்துவிடும்.

காலையில் பறக்கும். மத்தியானம் பறக்கும். அஞ்சரை ஆனதும் எட்டு கம்ப்யூட்டரிலும் அந்த நீலக்கோடு நகராமல் நிற்கும். நான்கு சதவீதம். ஐந்து சதவீதம். பிள்ளைகள் கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரிய பிளானுக்கு மாறினேன். நாலு கொம்பு வைத்த புது ரூட்டர் வாங்கி மாட்டினேன். ஒன்றும் மாறவில்லை. மூன்று நாள் கெடு தவறிவிட்டது. நான்காம் நாள் காலை சென்னையிலிருந்து போன் வந்தது. "நாளைக்குள்ள சரியாகலேன்னா வேலையை வேற யூனிட்டுக்கு மாத்திருவோம் மேடம். என் கையில இல்ல." பேசியவர் நல்ல மனிதர்தான். அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது.

அந்தப் பயத்தில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பிள்ளைகளில் யாரோ ரகசியமாக வீடியோ பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். எட்டுப் பேர் போனையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு என் மேஜைக்கடியில் வைத்தேன். ஓரத்தில் உட்காரும் பெண்ணிடம், "நீதானே எப்பப் பாத்தாலும் போனும் கையுமா இருக்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவள் கண்ணீர் கீபோர்டில் விழ விழ டைப் அடித்துக்கொண்டே இருந்தாள். அன்று சாயங்காலம் போன்கள் கூடைக்குள் அணைந்து கிடந்தன. அஞ்சரைக்கு வைஃபை படுத்தது.

மறுநாள் கேபிள்காரரைக் கையோடு கூட்டிவந்தேன். எங்கள் தெருவுக்கெல்லாம் இன்டர்நெட் இழுத்தவர், ஐம்பது வயதிருக்கும். "அஞ்சரை வரைக்கும் இருந்து பாருங்கண்ணே. உங்க லைன்லதான் கோளாறு" என்றேன். அவர் டீ குடித்துவிட்டு நிதானமாகக் காத்திருந்தார். அஞ்சரை ஆயிற்று. நீலக்கோடு நின்றது.

அவர் தன் லேப்டாப்பை எடுத்து ரூட்டரில் நேராக ஒயரைச் செருகினார். "இங்க பாருங்க மேடம். ஒயர்ல முழு வேகம் வருது. லைன் தெம்பாத்தான் இருக்கு. கோளாறு காத்துல."

"காத்துலயா?"

அவர் ரூட்டருக்குள் நுழைந்து, அதைப் பிடித்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்தார். எங்கள் எட்டு கம்ப்யூட்டரும் வரிசையாக, நல்ல சிக்னலோடு இருந்தன. ஒன்பதாவதாக ஒரு போன். அதன் சிக்னல் அடிமட்டத்தில் கிடந்தது. வேகம் என்ற இடத்தில் ஒன்று என்று போட்டிருந்தது. எங்களுடையதில் எழுபது சில்லறை.

"இந்த போனுதான்" என்றார்.

"ஒத்தப் போனா? அதுவும் இம்புட்டு மெதுவா இருக்கறதா? மெதுவா இருந்தா அது கொஞ்சம்தானே எடுக்கும்?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க." அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "வைஃபைல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். ஒரே மைக்குனு வச்சுக்கங்க. ஒவ்வொருத்தருக்கும் வரிசையா வாய்ப்புக் கிடைக்கும், ஆளுக்கு ஒரு பக்கம் வாசிக்கலாம். உங்க புள்ளைங்க பக்கத்துல இருக்காங்க, ஒரே மூச்சுல வாசிச்சிட்டு மைக்கைக் கொடுத்துருவாங்க. அந்த போனு தூரத்துல இருக்கு. வேகமாப் பேசினா ரூட்டருக்குப் புரியாது. அதனால எழுத்து எழுத்தா வாசிக்குது. பாதி விட்டுப்போச்சுனா திரும்ப முதல்லேருந்து வாசிக்குது. அதே ஒரு பக்கந்தான். ஆனா இவங்களை விடப் பல மடங்கு நேரம் மைக்கு அது கையில இருக்கு. அது முடிக்கிற வரைக்கும் எட்டுப் பேரும் வாயை மூடிக்கிட்டு நிக்கணும்."

"ஆளுக்கு ஒரு வாய்ப்புன்னா சமம்தானே?"

"வாய்ப்பு சமம். நேரம் சமமில்ல. அது சும்மா இருந்தா பாதகமில்ல. இப்ப வீடியோ கால் ஓடுது போல, விடாம வாசிக்குது. பெரிய பிளான் போட்டும் புது ரூட்டர் வாங்கியும் என்ன செய்ய? காத்து ஒண்ணுதானே." அவர் திரையைத் தட்டினார். "யாரு போனு மேடம் இது?"

எனக்குத் தெரியும். பட்டியலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகையைத் தாண்டி, பள்ளத்தில் ஒரு வீடு. ஆவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் கைக்குழந்தையோடும் படுத்த படுக்கையான மாமியாரோடும் அங்கே குடியிருந்தாள். அவள் புருஷன் துபாயில் கட்டிட வேலை. பத்து நாளைக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, நினைவில்லாமல் கிடந்தான். அங்கே நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஆட்களை உள்ளே விடுவார்களாம். இங்கே அது அஞ்சரை. அவனோடு அறையில் தங்கியிருக்கும் ஒருவர் தினமும் போய், போனை அவன் முகத்துக்கு நேரே பிடிப்பாராம். அந்தப் பள்ளத்து வீட்டில் செல் சிக்னல் எடுக்காது. பாஸ்வேர்டைக் கொடுத்தது நான்தான். "எப்ப வேணாலும் பேசிக்கம்மா" என்று சொன்னதும் நான்தான்.

மணி ஆறு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு முகங்களும் என்னைப் பார்த்தன.

"கட் பண்ணுங்கண்ணே" என்றேன்.

அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். அவ்வளவுதான். நின்றிருந்த நீலக்கோடுகள் எட்டும் ஒரே சமயத்தில் ஓடின. முப்பது, ஐம்பது, எண்பது. ஒரு பெண் கைதட்டினாள். நான் அழ வைத்தேனே, அவள்கூடச் சிரித்தாள். ஆறு இருபதுக்குக் கடைசிக் கோப்பு ஏறியது. சென்னையிலிருந்து ஒரு வரி வந்தது: கிடைத்தது, நன்றி.

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போது படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. குழந்தை இடுப்பில், போன் கையில், மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"அக்கா, நெட்டுப் போயிருச்சுங்களா? அவரு கண்ணைத் தொறந்தாருக்கா. இன்னைக்குத்தான் தொறந்தாரு. என்னையப் பாத்தாரு. ஏதோ சொல்ல வந்தாரு, வாய் அசைஞ்சுச்சு. அப்பப் பாத்துப் போயிருச்சு. நானும் அணைச்சு அணைச்சுப் போட்டேன், வரவே மாட்டேங்குது."

"லைன் போயிருச்சும்மா" என்றேன்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவள் என் தோளுக்கு மேலே பார்த்தாள். எட்டுத் திரைகளும் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தன. அவள் பார்வை ஒவ்வொரு திரையாக நகர்ந்து போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இல்லம்மா. நான்தான் நிறுத்தச் சொன்னேன். எங்க வேலை போகப் பாத்துச்சு" என்றேன்.

கேபிள்காரர் அவசர அவசரமாகத் தடையை நீக்கினார். அவளை ரூட்டருக்குப் பக்கத்திலேயே என் நாற்காலியில் உட்கார வைத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. ஆறே முக்காலுக்கு அந்த அறைத்தோழர் வெளியிலிருந்து கூப்பிட்டார். நேரமாகிவிட்டது என்று வெளியே அனுப்பிவிட்டார்களாம். கண்ணைத் திரும்ப மூடிக்கொண்டானாம். அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். திட்டியிருக்கலாம்.

மறுநாள் அஞ்சரைக்கு நானே கீழே போய்க் கெஞ்சி அவளை மேலே கூட்டிவந்தேன். ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். அதே போன், அதே வீடியோ கால். எங்கள் கோப்புகள் ஒன்றும் நிற்கவில்லை. பக்கத்தில் வந்ததும் அந்த போனும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டது. ஆனால் அவன் கண்ணைத் திறக்கவில்லை. ஒன்பது பேர் நடுவில் உட்கார்ந்து, "இந்தா பாருங்க, பாப்பா பேசுது, பாருங்க" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னதைக் கேட்கத் தாங்கவில்லை. ஓரத்துப் பெண் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அதற்கு மறுநாள் அவள் வரவில்லை. மாமியாரைத் தனியே விட்டு வர முடியவில்லை என்றாள். அது மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும்.

கேபிள்காரரைத் திரும்பக் கூப்பிட்டேன். "சில ரூட்டர்ல, ஆளுக்குச் சமமா நேரம் பிரிச்சுக் கொடுக்கற செட்டிங் இருக்கு மேடம். அதைப் போட்டா உங்களுக்குத் தொல்லையில்ல. ஆனா ஒம்பதுல ஒரு பங்கு நேரத்தை வச்சு அந்தம்மா எழுத்துக் கூட்டி வாசிச்சா, முகங்கூடத் தெரியாது" என்றார்.

"அப்ப வேற வழி?"

"அவங்க பக்கத்துல ஒரு ரூட்டரைக் கொண்டுபோய் வைக்கணும்."

பழைய ரூட்டர் என் மேஜைக்கடியில்தான் கிடந்தது. மாடியிலிருந்து தகரக் கொட்டகையின் மேலாக ஒயர் இழுத்தோம். கொட்டகைக்காரர் முதலில் மறுத்தார், விஷயத்தைச் சொன்னதும் ஏணியைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டார். பள்ளத்து வீட்டுக் கூடத்தில் ரூட்டரை மாட்டி, எங்களுடையது ஒன்றாம் சேனல், இது பதினொன்று என்று கேபிள்காரர் பிரித்து வைத்தார். இரண்டு மைக், ஒன்றை ஒன்று மறிக்காது. அவள் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் அதிகம் பேசவில்லை.

நாலு நாள் அவன் கண்ணைத் திறக்கவே இல்லை. எங்கள் வேலை தப்பிவிட்டது, தினமும் ஆறு மணிக்கே எல்லாம் ஏறிவிடும். அந்த நிம்மதி எனக்கு ஒட்டவே இல்லை. அஞ்சரை ஆனால் காது பின்பக்கமே இருக்கும். அவன் சொல்ல வந்தது என்ன? அதுதான் கடைசி என்றால்? ஆறரைக்குக் கீழே போவேன். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள்.

ஐந்தாம் நாள் ஆறு மணிவாக்கில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அழுகையா சிரிப்பா தெரியவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். திரையில் கட்டுப்போட்ட ஒரு முகம், உதட்டில் வெடிப்புவரை தெளிவாகத் தெரிந்தது.

"சாப்பிட்டியான்னு கேக்குறாருக்கா" என்று சொல்லிவிட்டு என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் ஐந்து மாதம் கழித்து ஊருக்கு வந்தான். இடது கால் இன்னும் இழுக்கிறது, பேச்சு மெதுவாகத்தான் வருகிறது. முதல் தடவை கண்ணைத் திறந்தது அவனுக்கு ஞாபகமில்லை. என்ன சொல்ல வந்தான் என்று நான் கேட்டதுமில்லை.