பஹ்மிதாவின் இடியப்பக் கடையும் தண்ணீர்ச் சொதியும்

சிலாவத்துறையில் மீன் இறக்கும் கரைக்குப் போகும் பாதையில், தன் வீட்டு வாசலில் மேசை போட்டு இடியப்பம் விற்கிறாள் பஹ்மிதா. விடியற்கால சுபஹுத் தொழுகை முடிந்து வருகிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களுமே அவளது வாடிக்கை. பத்து இடியப்பம் நூறு ரூபாய். சம்பலும் தேங்காய்ப்பால் சொதியும் காசில்லாமல். ஊர் வழக்கப்படி சொதிக்கு அவரவர் பாத்திரம் கொண்டுவருவார்கள். பாத்திரத்தின் அளவை யாரும் கேட்பதில்லை, கேட்டால் மானக்கேடு.

முதல் மாதம் சட்டி சட்டியாக விற்றது. மாக்கடைக்கும் தேங்காய்க்காரனுக்கும் விறகுக்கும் கொடுத்த பிறகு அவள் கையில் மிஞ்சியது சம்பலின் காரம்தான். கணவன் நிப்ராஸ் கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்குப் பயம். “இன்னும் ஒரு மாசம் பாப்பம். சரிவராட்டி நீ குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போறதப் பத்தி முகவரோட கதைப்பம்” என்றான். நாலு வயது மகளை விட்டுவிட்டு அங்கே இன்னொருத்தியின் பிள்ளையைத் தூக்கி வளர்க்க அவளுக்கு மனமில்லை.

விலையைக் கூட்ட வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு உம்மு குல்சூம் ராத்தா ஏற்கெனவே, “கடை நல்லா ஓடுது போல” என்று ஒரு மாதிரியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஒரு மாதத்துக்குள் விலை ஏறினால் என்ன சொல்வாளோ. ஆகவே பஹ்மிதா எல்லோரும் செய்யும் புத்திசாலித்தனத்தைச் செய்தாள்: சொதியில் தேங்காயைக் குறைத்தாள், தண்ணீரைக் கூட்டினாள்.

அன்றிலிருந்து எல்லாரும் அவளைப் பார்ப்பதுபோல் இருந்தது. அவளும் எல்லாரையும் சந்தேகமாகப் பார்த்தாள். முக்கியமாக ஜுனைதீன் நானாவை. வள்ளக்காரர். தினமும் நாற்பது வாங்குவார். அவருடைய வள்ளத்தில் ஆறு பேர்தான். ஆளுக்கு ஐந்தென்றாலும் முப்பதோடு முடிய வேண்டுமே. மிச்சப் பத்தைக் கரையில் கூடிய விலைக்கு விற்கிறார் என்று அவள் மனதுக்குள் வழக்கே முடித்துவிட்டாள். தன் உழைப்பில் இன்னொருவர் இலாபம் எடுக்கிறார் என்ற நினைப்பு அவளை உள்ளுக்குள் அரித்தது. ஆனால் கரையில் அவர் எங்கே வாங்குகிறாரோ அங்கேதான் மற்றவர்களும் வாங்குவார்கள். அவரைப் பகைக்கவும் முடியாது.

மூன்றாம் நாள் அவர் சொதியை அகப்பையால் அள்ளி ஊற்றிப் பார்த்தார்.

“மகள், தேங்காய் நீந்திக் கடலுக்குப் போயிட்டுதோ?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் முகம் எரிந்தது. அடுத்த இரண்டு நாளும் அவர் வரவில்லை. அவரோடு சேர்த்து இன்னும் சிலரும் வரவில்லை. சந்தியிலிருக்கும் ஹோட்டல் பையோடு ஒருவன் அவள் வாசலைத் தாண்டிப் போனான். கள்ளத்தனமாகக் குறைத்ததுதான் அவர்களை விரட்டியது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விலை ஏறியிருந்தால் கணக்குக் கேட்டிருப்பார்கள். சொதி மெலிந்ததற்கு அவள் நேர்மையையே சந்தேகித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தவர்களிடமெல்லாம் ஒரே கதையைச் சொன்னாள். “வாற திங்களிலயிருந்து பத்து நூற்றிருபது. சொதி பழையபடி கெட்டியா வரும். பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு அஞ்சு, அதே அம்பதுதான். தொடக்கத்தில விலையச் சரியாப் போடத் தெரியல்ல, என்ட பிழை. தண்ணி கூட்டினதும் என்ட பிழை.”

உம்மு குல்சூம் ராத்தா உதட்டைப் பிதுக்கினாள். “முன்கூட்டியே சொல்லுறா, இதில என்ன சூட்சுமமோ.” ஒருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். ஜுனைதீன் நானாவுக்கு அவள் நிப்ராஸ் மூலம் சொல்லியனுப்பினாள்.

திங்கட்கிழமை வரிசை மெலிந்துதான் இருந்தது. ஜுனைதீன் நானா வந்தார். அகப்பையைத் தூக்கி மறுபடி சொதியை ஊற்றினார். கெட்டியாக விழுந்தது. காசை எண்ணி வைத்தார்.

“முப்பது போடுங்கோ.”

பத்துக் குறைந்துவிட்டது. கரை வியாபாரம் விலை ஏறியதும் படுத்துவிட்டது போலும். கள்ளத்தைப் பிடித்துவிட்டோம் என்ற கோபத்தில் அவள் வாய் முந்தியது.

“மத்தப் பத்து எங்க நானா? கரையில வாங்க ஆளில்லையோ?”

அவர் ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்தார்.

“கரையிலயோ? அது என்ட கோழிக்கு மகள். கோழித் தீனிய விட உங்கட இடியப்பம் மலிவா இருந்திச்சு.”

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. பஹ்மிதா முப்பதையும் கட்டிக் கொடுத்தாள். விடிய முன்னம் எழும்பி, மா குழைத்து, கை கொப்பளிக்கப் பிழிந்து, குவைத்துக்கு அஞ்சி அவள் இத்தனை நாளாகப் பாடுபட்டது இன்னொருவர் கோழிகளுக்கும்தான்.