ஐந்து கிலோ மீன், இரண்டு கிலோ மீன்

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை செய்தேன். எனக்குக் கணக்கு வரும் என்று, விலைவாசி எண் போடும் வேலையைத் தொழிற்சங்கம் என் தலையில் கட்டியது. அந்த எண் ஏறினால்தான் பஞ்சப்படி ஏறும்.

சம்பள ஒப்பந்தம் போட்ட ஆண்டில் ஒரு குடும்பம் மாதம் வாங்கிய அளவை மாற்றாமல், அதற்கு இன்று என்ன செலவாகும் என்று பார்ப்போம். அதோடு விட்டிருக்கலாம். குடும்பங்கள் வயிற்றைக் கட்டுவதைக் காட்டினால் நிர்வாகம் இரங்கும் என்று நம்பி, ஆண்டுதோறும் ஒரு மாதம் நிஜமாக வாங்குவதை எழுதிவைக்கச் சொல்லி வீடுவீடாக நோட்டு கொடுத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

என் கூட்டாளி ஒரு ஃபிட்டர். அவன் மனைவியை அண்ணி என்பேன். எல்லாரையும்விட ஒழுங்காக எழுதியவர் அவர்தான். அவர் நோட்டில் அரிசியும் மீனும் மட்டும் சொல்கிறேன். ஒப்பந்தம் போட்ட முதல் ஆண்டு மீன் ஐந்து கிலோ, கிலோ இருநூறு; அரிசி இருபத்தைந்து கிலோ, கிலோ நாற்பது. மொத்தம் இரண்டாயிரம். நான்காம் ஆண்டில் மீன் நானூறு, அரிசி ஐம்பது. பழைய அளவுக்கு மூவாயிரத்து இருநூற்றைம்பது. முதல் ஆண்டை நூறு என்று வைத்தால், எண் நூற்று அறுபத்திரண்டரை.

பேச்சுவார்த்தையில் நோட்டுகளைப் பெருமையாக மேஜைமேல் வைத்தேன். நிர்வாகத்தின் அதிகாரி பொறுமையாகப் புரட்டி, அண்ணியின் நோட்டில் நின்றார்.

"இப்போ ரெண்டு கிலோ மீன், நாப்பது கிலோ அரிசிதானே வாங்கறாங்க? வாங்காததுக்கு நாங்க ஏன் சார் விலை குடுக்கணும்?"

அவர் போட்ட கணக்கில், இன்றைய அளவுக்கு இன்றைய விலையில் இரண்டாயிரத்து எண்ணூறு. அதே அளவுக்குப் பழைய விலையில் இரண்டாயிரம். எண் வெறும் நூற்று நாற்பது. ஒவ்வோர் ஆண்டுக்கும் அப்படியே போட்டுக் காட்டினார். முதலில் இரண்டு எண்களும் ஒட்டியே இருந்தன. மீன் குறையக் குறைய இடைவெளி கூடியது. அவர் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இரண்டு மாதம் இழுத்தடித்து, கடைசியில் சங்கம் அவருடைய எண்ணுக்கே கையெழுத்துப் போட்டது.

நானே போய் அண்ணியிடம் சொன்னேன். அவர் கேட்டார்:

"அப்ப நாங்க மீன் துன்றத கொறைச்சதால, உங்க கணக்குல வெலவாசி கொறஞ்சிபோச்சா?"

"ஆமா அண்ணி."

அவர் திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஆண்டும் நோட்டு கொடுத்தாக வேண்டும். இப்போது அது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அண்ணியிடம் நோட்டைத் திரும்ப வாங்கப் போனபோது மீன் வரி காலியாக இருந்தது.

"இந்த மாசம் மீனே வாங்கல தம்பி. அத்த எய்தட்டுமா, வேணாமா?"

வாங்கவில்லை என்று எழுதினால், மீன் எவ்வளவு விலை ஏறினாலும் அவர் வீட்டுக் கணக்கில் ஒரு பைசா ஏறாது. ஐந்து கிலோ என்று பொய் எழுதச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

"எழுதுங்க அண்ணி" என்றேன். அவர் மீன் வரியில் பூஜ்யம் போட்டார்.