மூன்றாம் பக்கத்தில் இருந்தது

பேக்கரிகளுக்கு அடுப்பும் மெஷினும் விற்கும் அவருக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் ‘இல்லை அண்ணன்’. அவர் தரும் விலைத்தாளில், விலைக்கு நேர் கீழேயே, அந்த விலையில் எதெல்லாம் சேராது என்று கொட்டை எழுத்தில் இருக்கும். போதாததற்கு உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தும் காட்டுவார்.

பன் கடை அம்மாவுக்கு மாவு பிசையும் மெஷின் விற்றபோதும் அப்படித்தான் படித்தார். “விக்க வந்தீங்களா, விரட்ட வந்தீங்களாண்ணா?” என்று கேட்டு அந்த அம்மா சிரித்த சிரிப்பில் மூக்கு நுனியெல்லாம் மாவு.

இந்த வருஷம் புது மேனேஜர் வந்தார். முதல் பக்கத்தில் விலை மட்டும் போதும், சேராததெல்லாம் மூன்றாம் பக்கம் போகட்டும், எழுதாமல் விட்டால்தானே தப்பு என்றார். ஆறு மாதமாக விற்பனை படுத்துக் கிடந்தது. அண்ணன் அப்படியே மாற்றி எழுதினார், வாய்விட்டுப் படிப்பதையும் விட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பன் கடை அம்மாவுக்கு ஒரு பள்ளிக்கூட ஆர்டர் வந்தது. தினம் நானூறு பன். பழைய கேஸ் அடுப்புக்கு அது தாங்காது. அண்ணன் மூன்று வகை கரண்ட் அடுப்புக்கு விலை கொடுத்தார். ஒரு தட்டு எண்பதாயிரம், இரண்டு தட்டு ஒன்றரை லட்சம், மூன்று தட்டு இரண்டே கால். அந்த அம்மா நடுவில் விரல் வைத்தது.

“வேற ஏதாச்சும் செலவு வருமாண்ணா?”

மூன்றாம் பக்கத்தில் இருப்பது அண்ணனுக்கு வாய் வரை வந்தது. “எல்லாம் எழுதியிருக்கும்மா” என்றார்.

அந்த அம்மா பக்கத்தைப் புரட்டாமல் கையெழுத்துப் போட்டது. அடுப்பு வந்த அன்றைக்கே பழையதை விற்றுவிட்டது.

மாட்ட வந்த ஆள் மீட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். ஒரு தட்டு அடுப்பென்றால் கடையில் இருக்கும் லைனே போதும். இரண்டு தட்டுக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் இணைப்பு வேண்டும். அந்த இணைப்பு விலையில் சேராது, பிரித்த சரக்கைத் திருப்பி எடுக்கவும் மாட்டோம் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கரண்ட் ஆபீஸில் நாலு மாதம் ஆகும் என்றார்கள். பள்ளிக்கூடம் ஒரு வாரம் பொறுத்தது. பிறகு வேறு கடைக்குப் போய்விட்டது.

ஒரு தட்டு அடுப்பாக மாற்றிக் கொடுங்கள் என்று அண்ணன் மேனேஜர் மேஜை முன்னால் மூன்று நாள் நின்றார். “எழுதியிருக்குல்ல?” என்பதே பதில். எழுதியது அண்ணன் கைதான்.

இரண்டாம் மாதம் கடைக்கு ஷட்டர் விழுந்தது. அந்த அம்மா வேறொரு பேக்கரியில் கூலிக்கு மாவு பிசையப் போனது. அண்ணன் அங்கே தேடிப் போய் நின்றார்.

“நீங்க ஏமாத்தலண்ணா, எழுதித்தான் இருந்துச்சு” என்றது அந்த அம்மா, மாவிலிருந்து கண்ணை எடுக்காமல். “எப்பவும் படிச்சுக் காட்டுவீங்களேன்னுதான் நான் புரட்டல.”

மறுவாரம் ஒரு புதுக் கடை. சேராததை மறுபடி முதல் பக்கத்துக்கே கொண்டுவந்திருந்தார். மேனேஜரிடம் கேட்கவில்லை. வரி வரியாகப் படித்தார். “என்ன சார், விக்கத்தான் வந்தீங்களா?” என்று கடைக்காரர் சிரித்தார்.

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. விட்ட வரியிலிருந்து மறுபடி படித்தார்.