பிற்பகல் இரண்டு முதல் எட்டு வரை மட்டும்

திருவிடந்தை அருகே இருந்த மறுவாழ்வு மையத்துக்கு பிசியோதெரபிஸ்ட் வேலை கேட்டு விண்ணப்பம் எழுதினேன். பதிவு எண்ணைச் சான்றிதழோடு இருமுறை ஒப்பிட்டேன். பார்த்த நோயாளிகள்: பக்கவாதம், மூட்டு மாற்று, இடுப்பு எலும்பு முறிவு. தண்டுவடக் காயம் இருவர், மூத்த பிசியோதெரபிஸ்டின் மேற்பார்வையில்.

ஷிஃப்ட் என்ற இடத்தில் பேனா நின்றது. பக்கவாதத்துக்குப் பின் நடை பழகிக்கொண்டிருந்த கேளம்பாக்கத்துப் பெரியவருக்குத் தினமும் காலையில் வருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

"எந்த ஷிஃப்டுன்னாலும் வரேன்னு எழுதேன். வேலை கெடைச்சதும் பாத்துக்கலாம்," என்றார் கணவர். அந்த வேலை எனக்கு மிகவும் தேவைப்பட்டது. ஆனாலும் பிற்பகல் இரண்டு முதல் எட்டு வரை மட்டும் என்றே எழுதினேன்.

நேர்காணலில் பிரிவின் பொறுப்பாளர் அந்த வரியிலேயே விரலை வைத்தார்.

"பயிற்சியெல்லாம் காலைலதான் ஜாஸ்தி. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"எல்லாரும் எந்த ஷிஃப்டும் ஓகேன்னுதான் எழுதுறாங்க. ரெண்டாவது வாரமே சாயங்காலம் வேணாம்னு வந்து நிக்கிறாங்க. பேஷண்ட்டோட வூட்டு ஆளுங்க வேலை முடிஞ்சு சாயங்காலந்தாம்மா வராங்க. கட்டில்லேர்ந்து வீல்சேருக்கு எப்படி மாத்துறதுன்னு அவங்களுக்கு யாரு சொல்லித் தரது? திங்கக்கிழமை வந்துடுங்க. தண்டுவடக் கேஸ் மட்டும் என்கூடப் பாருங்க."

வீட்டில் சொன்னேன்.

"நல்லவேளை, என் பேச்ச நீ கேக்கல," என்றார் கணவர்.

"என்னிக்குக் கேட்டேன்?" என்றேன்.