பதினேழாவது கேள்வி

நிரூபிக்க முடியாத ஐயம் ஒன்றினால் நான்கு இடங்களின் நேர்மை ஒரே பிற்பகலில் சந்தேகத்துக்குள்ளானதை நான் கண்டிருக்கிறேன். சந்தேகித்தவர்களுள் நானும் ஒருத்தி, சந்தேகிக்கப்பட்டவர்களுள்ளும் நானே ஒருத்தி. ஆகையால் என்னிடம் இன்றும் உள்ள வினாப்படிவத்திலும் அக்காலக் குறிப்பேட்டிலும் எழுதப்பட்டிருப்பவற்றையும், என் கண்முன் நிகழ்ந்தவற்றையும் மட்டுமே இங்கே தருகிறேன். பிறர் சொல்லக் கேட்டதைச் சேர்க்க நேர்ந்தால், கேட்டது என்றே சொல்வேன்.

போர்நிறுத்தக் காலத்தில், வவுனியா கடைவீதியில் ஒரு மாடியறையை எடுத்து, நானும் ஒரு தோழியும் இணையத்தளங்கள் அமைத்துக் கொடுத்துவந்தோம். தொழில்நுட்பம் அவளுடையது, எழுத்தும் வடிவமும் என்னுடையவை. வினாப்படிவம் நிரம்பி வராமல் எந்த வேலையையும் தொடங்குவதில்லை என்பது எங்கள் விதி. அதற்கு முன்னர் ஒரு கலியாண மண்டபத்துக்கு, கேட்காமலே தொடங்கிய தளத்தை மூன்று முறை மாற்றியமைத்தோம். நான்காம் முறை வெளியிடப் போனபோது, இணைய முகவரியின் கடவுச்சொல் ஊரைவிட்டுப் போய்விட்ட ஒருவரிடம் இருந்தது. அந்தத் தளம் வெளிவரவேயில்லை.

படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள். நிறுவனத்தின் பெயரை எவ்வாறு எழுதுவது, எந்த நிறங்கள் வேண்டும், எவை வேண்டா, தளத்தைப் பார்ப்பவர் யார், பார்த்தபின் அவர் என்ன செய்யவேண்டும் என்பன முற்பகுதி. இணைய முகவரியைப் பதிந்த கணக்கின் பயனர்பெயர், கடவுச்சொல் ஆகியன பிற்பகுதி. பதினேழாவது கேள்வி இது: 'இக்கடவுச்சொல்லை உங்களைத் தவிர வேறு யார் அறிவர்?' அதனை எழுதியவள் நான். இராணுவ விசாரணைகள் பல கண்ட அந்த ஊரில் அக்கேள்வி எவ்வாறு ஒலிக்கும் என்று எண்ணிப் பார்க்காதவளும் நானே.

அரிசி வணிகர் ஒருவர் வந்தார். முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்த முஸ்லிம் குடும்பம்; அந்நாள்களில் வவுனியாவில் ஆலை வைத்திருந்தார். நாங்கள் அவரை, முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல், நானா என்றே அழைத்தோம். வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளுக்குச் சிவப்பரிசி அனுப்புவதற்காகப் பைகள் அச்சிட்டாயிற்று. ஒவ்வொரு பையிலும் அவருடைய இணைய முகவரி இருந்தது. அந்த முகவரியில் தளம்தான் இல்லை. அதை அமைக்கவே எங்களிடம் வந்திருந்தார்.

படிவத்தை ஐந்து நாள் கழித்துத் திருப்பிக் கொணர்ந்தார். முற்பகுதி குறையின்றி நிரம்பியிருந்தது. நிறம் என்ற இடத்தில், 'பச்சை. சீருடைப் பச்சை வேண்டாம்' என்று எழுதியிருந்தார். பார்ப்பவர் என்ன செய்யவேண்டும் என்ற இடத்தில், 'அரிசி கேட்பவர் என்னிடமே கேட்கவேண்டும்' என்றிருந்தது. பிற்பகுதியில் பயனர்பெயர் மட்டுமே இருந்தது. கடவுச்சொல்லின் கட்டத்தில் பென்சிலால் எழுதி அழித்த தடம் தெரிந்தது. பதினேழாவது கேள்வி வெறுமையாயிருந்தது.

மறுநாள் பிற்பகல் அவரைக் கூப்பிட்டு, ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் கதிரையில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"தங்கச்சி, இந்தக் கேள்விய என்னட்ட வேற ஒரு இடத்திலயும் கேட்டவங்கள். அங்க இருக்கக் கதிரை தரேல்ல."

தோழி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது என்றே என் மனம் சென்றது. முகவரி இவருடையதுதானா? பிறருடையதை எங்கள் கையால் திறக்கப் பார்க்கிறாரா?

கடவுச்சொல்லைத் தாமே தட்டெழுதுவதாகச் சொல்லிக் கணினியின் முன் அமர்ந்தார். நாங்கள் சன்னல் பக்கம் திரும்பி நின்றோம். மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் கணக்கு ஏற்க மறுத்தது. முந்தாநாள் இன்ரநெற் கடையில் தாமே திறந்து பார்த்ததாகவும், அப்போது திறந்ததாகவும் சொன்னார். பிறகு கதிரையைத் திருப்பி எங்கள் இருவரையும் பார்த்தார். அழித்த தடத்தை வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்துத் தெரியும், நாங்களே மாற்றியிருக்கலாம் என்பது அவருக்கும் தோன்றியிருந்தது.

"நானா, நாங்கள் செய்திருந்தால் உங்களக் கூப்பிட்டு இருத்துவமோ?" என்றாள் தோழி.

"செய்த ஆக்கள்தான் கூப்பிட்டு இருத்துறது" என்றார் அவர்.

ஒரு முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவு. தோழி அதனைத் திறந்தாள். பெயர் நானாவுடையதன்று. மின்னஞ்சலும் அவருடையதன்று. காலாவதிக்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள்கூட, இல்லை. புதுப்பிக்காமல் விட்டால், சில காலத்தின் பின் அந்த முகவரியை எவரும் எடுத்துக்கொள்ளலாம். பைகளில் அச்சிட்ட பெயர் வேறொருவனின் கடைவாயிலாகிவிடும். என் ஐயம் உறுதிப்பட்டதாகவே எண்ணினேன். இது யாருடைய பெயர் என்று, மரியாதை சற்றுக் குறைந்த குரலில் கேட்டுவிட்டேன்.

"பதிஞ்சு தந்தது என்ட மச்சான், வெளிநாட்டில இருக்கிறார். கடைப் பேர் வாப்பாட பேர்." மேலும் சொன்னார்: "ஊரை விட்டு வரேக்க நாங்கள் தூக்கிக்கொண்டு வந்தது அது ஒண்டுதான்."

நான் எழுதிவைத்த கேள்விக்கு அப்போதுதான், வாய்மொழியாக, விடை வரத் தொடங்கியது. கடவுச்சொல்லை முதலில் மச்சான் அறிவார். பின்னர் இன்ரநெற் கடை. கணக்கிலிருந்து முறைப்படி வெளியேறினாரா என்பது அவருக்கு நினைவில்லை. பின்னர், நாங்கள் சற்றும் எதிர்பாராத ஓர் இடம். படிவத்தில் கடவுச்சொல்லையும் எழுதி, எங்களிடம் தருமுன் ஃபோட்டோக் கொப்பிக் கடையில் இரண்டு பிரதி எடுத்திருக்கிறார். கடைக்காரர் கையிலிருந்து தாளைத் திரும்ப வாங்கிய பின்னரே அச்சம் வந்து, மூலப்படிவத்தில் மட்டும் அழித்திருக்கிறார். அதற்காக அவரைக் குறைசொல்ல இயலாது. பிரதி எடுக்காமல் ஒரு தாளை எவரிடமும் கொடுக்கும் வழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. ஓடிய ஓட்டங்களில் மூலங்களை இழந்தவர்கள் நாங்கள். என் பிறப்புச் சான்றிதழே மூன்று பிரதிகளாக மூன்று பைகளில் கிடந்தது. இதை அறிந்திருந்தும், பிரதியெடுக்கப்படும் என்பது உறுதியான ஒரு தாளில் கடவுச்சொல்லுக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தது என் பிழை.

நானா அங்கிருந்தே மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் பக்கத்துப் பேச்சு மட்டுமே எங்களுக்குக் கேட்டது. தான் மாற்றவில்லை என்று மச்சான் சொன்னதாகப் பின்னர் நானா எங்களிடம் கூறினார், இது கேட்டது. மறந்த கடவுச்சொல்லை மீட்கும் கடிதம் பதிவிலுள்ள மின்னஞ்சலுக்கே போகும்; ஆகவே மச்சானின் கை படாமல் எதுவும் நகராது. தோழி சொல்லச் சொல்ல, நானா அதனைத் தொலைபேசியில் ஒப்புவித்தார். நெடுநேரம் எதிர்முனையின் பேச்சைக் கேட்டிருந்தார். "எனக்கு எடுத்துத் தர மனமில்லாட்டி சொல்லு மச்சான், நான் பைய மாத்துறன்" என்று அமைதியாகச் சொன்னார்.

புதிய கடவுச்சொல் மறுநாள் பிற்பகல், எழுத்தெழுத்தாகத் தொலைபேசியில் வந்தது. கணக்கு திறந்தது. பதிவின் பெயரையும் மின்னஞ்சலையும் நானாவின் பெயருக்கு மாற்றினோம். மாற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு வந்த மடலை மச்சானும் ஒப்புக்கொண்டார். பின்னர் எவரும் பாராமல் நானாவே கடவுச்சொல்லை மாற்றினார். புதுப்பித்தலும் அன்றே முடிந்தது. எழுந்தபோது படிவத்தைக் கேட்டு வாங்கி, பதினேழாவது கேள்விக்கு எதிரே, இம்முறை பேனாவால், 'ஒருவரும் இல்லை' என்று எழுதித் தந்தார். அடுத்த நாள் வேலையைத் தொடங்கினோம்.

பிறகு வந்த படிவங்களில் கடவுச்சொல்லுக்கு இடமில்லை. கணக்கு எங்கே உள்ளது, யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் என்று மட்டும் கேட்டோம். கடவுச்சொல்லை உரியவர் எங்கள் அறைக்கு வந்து தாமே தட்டெழுதி, வேலை முடிந்ததும் தாமே மாற்றவேண்டும் என்று எழுதிவைத்தோம்.

பழைய கடவுச்சொல்லை மாற்றியவர் யார் என்பது எனக்குத் தெரியாது. மச்சானா, இன்ரநெற் கடையில் அடுத்து அமர்ந்தவரா, பிரதி எடுத்த கடையா என்பது தெரியாது. நான் மாற்றவில்லை. தோழியிடம் நான் கேட்டதில்லை. அவளும் என்னிடம் கேட்டதில்லை.